எம்.ஆர்.ஐ. ரிப்போட்டில் வரும் 'வெள்ளைப் புள்ளிகள்': தலையிடிக்காரர்கள் அறிந்திருக்க வேண்டியவை

கடந்த வருட நடுப்பகுதியில் என் கைக்கு வந்த எம்.ஆர்.ஐ. ரிப்போட்டின் கடைசிப் பந்தியைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "மூளையின் இரு பக்கத்திலும் வெண்சடப்பொருளில் சில சிறிய ஒளிர்ந்த புள்ளிகள் காணப்படுகின்றன. இவை குறித்த ஒரு நோயைச் சுட்டுவன அல்ல. நாட்பட்ட சிறு குருதிக்குழாய் மாற்றமாக இருக்கலாம். நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்." அப்போது எனக்கு வயது 46. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்திலிருந்தே எனக்குத் தலையிடி உண்டு. அது அடிக்கடி வரத் தொடங்கியதால்தான் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

ரிப்போட் கிடைத்த நாளுக்கும் மூளை நரம்பியல் வைத்திய நிபுணரின் கிளினிக் நாளுக்கும் இடையில் பதினொரு நாட்கள் இருந்தன. அந்தப் பதினொரு நாட்களில் நடந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கணவர் இணையத்தில் தேடி 'மூளைக்கு இரத்தம் போகாமை' என்று வாசித்தார். ராத்தா போனில் அழுதார். வாப்பா பாரிசவாதத்தில் விழுந்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கே தனிப் பயம். தெரிந்த ஒருவர், "அஸ்பிரின் போடுங்க டீச்சர், இரத்தம் இளகும்" என்றார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஆனாலும் யாரிடமும் கேட்காமல் ஐந்து நாட்கள் அஸ்பிரின் போட்டேன். ஆறாம் நாள் வயிற்றெரிவு தாங்க முடியாமல்தான் நிறுத்தினேன்.

அதன் பிறகு என்னிடம் இதேபோன்ற ரிப்போட்டுடன் மூன்று பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள், எல்லோரும் தலையிடிக்காகப் படம் எடுத்தவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புள்ளி என்ன என்று பார்ப்போம். மூளையின் வெளிப்புறத்தில் நரம்புக்கலங்களின் உடல்கள் அடுக்காக இருக்கும் பகுதி நரைநிறச் சடப்பொருள். அதற்கு உள்ளே, அந்தக் கலங்களிலிருந்து புறப்பட்டு ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் கம்பிகள் போன்ற நீண்ட நார்கள் இருக்கின்றன. அந்த நார்களைச் சுற்றி மயலின் கவசம் இருக்கிறது. அது கொழுப்பாலானது, வெண்மையானது. அதனால் அந்தப் பகுதிக்கு வெண்சடப்பொருள் என்று பெயர். 'வெண்சடப்பொருளில் வெள்ளைப் புள்ளி' என்று கேட்டதும் பலர் குழம்புகிறார்கள். அந்த வெள்ளை வேறு, இந்த வெள்ளை வேறு. முதலாவது உண்மையான நிறம். இரண்டாவது படத்தில் மட்டும் தெரிகிற ஒளிர்வு.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரே மூளையைப் பல விதங்களில் படம் பிடிக்கும். ரிப்போட்டில் 'ரீ டூ', 'பிளேர்' என்று வருவன அவற்றின் பெயர்கள். இவ்விரண்டிலும் தண்ணீர்ச் செறிவு சற்று அதிகமாக உள்ள இடங்கள் பளிச்சென்று தெரியும். மூளையின் நடுவில் உள்ள அறைகளில் இயல்பாகவே பாய்பொருள் நிறைந்திருப்பதால், 'ரீ டூ' படத்தில் அதுவும் பளிச்சிட்டு அருகிலுள்ள சின்னப் புள்ளிகளை மறைத்துவிடும். 'பிளேர்' முறையில் அந்தப் பாய்பொருளைக் கறுப்பாக்கிவிடுவார்கள். அப்போது ஓரத்தில் உள்ள சிறு புள்ளியும் தெளிவாகத் தெரியும். ஆகவே புள்ளி என்றால் மூளையில் விழுந்த ஓட்டை அல்ல. அந்த இடத்து இழையத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடியிருக்கிறது, மயலின் கொஞ்சம் ஐதாகியிருக்கிறது என்பதற்கான அடையாளம். படம் அவ்வளவைத்தான் சொல்கிறது. ஏன் அப்படி ஆனது என்பதைப் படம் சொல்வதில்லை. 'குறித்த ஒரு நோயைச் சுட்டுவன அல்ல' என்று ரிப்போட் எழுதியவர் சொன்னது இதைத்தான்.

பிறகு 'சிறு குருதிக்குழாய் மாற்றம்' என்று ஏன் எழுதுகிறார்கள்? வெண்சடப்பொருளுக்கு இரத்தம் போவது மிக நுண்ணிய நாடிகள் வழியாக. அவை ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த விட்டமுள்ளவை. மேற்பரப்பிலிருந்தும் அடியிலிருந்தும் நீளமாகத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். எங்கள் பக்கத்து வயல்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பெரிய வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடினாலும், கிளை வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் வயலுக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். மூளை அறைகளைச் சுற்றியுள்ள ஆழ்ந்த வெண்சடப்பொருள் அப்படிப்பட்ட கடைசி வயல். வருடக்கணக்காகக் குருதியமுக்கம் கூடியிருந்தால் இந்த நுண்ணாடிகளின் சுவர் தடித்து விறைத்துப் போகும். அமுக்கம்தான் முதற்காரணி. நீரிழிவும் புகைத்தலும் அதைக் கூட்டும். வயதும் தன் பங்குக்கு அதைச் செய்யும். அப்போது அந்தக் கடைசி வயலில் புள்ளிகள் தோன்றும்.

வயதின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஒரு தகவல். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் 60 முதல் 90 வயது வரையான ஆயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2001 இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு புள்ளியும் இல்லாதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான் இருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவருக்குச் சில புள்ளிகள் இருப்பது தலை நரைப்பதைப் போன்றது. நாற்பத்தாறு வயதுக்காரிக்கு இருந்தால் அதை வயதின் கணக்கில் மட்டும் போட முடியாது. வேறு காரணம் தேட வேண்டும்.

அந்த வேறு காரணம் பெரும்பாலும் ஒற்றைத் தலையிடிதான். எனக்கு வருவது அதே வகை. ஒரு பக்கமாகத் துடிக்கும், வெளிச்சம் பிடிக்காது, வாந்தி வரும், இருட்டறையில் படுத்தால்தான் சுகம். நெதர்லாந்திலேயே நடந்த இன்னொரு ஆய்வு, 2004 இல் வெளியானது, ஒற்றைத் தலையிடி உள்ள பெண்களுக்கு ஆழ்ந்த வெண்சடப்பொருளில் புள்ளிகள் மற்றப் பெண்களைவிட அதிகம் என்று காட்டியது. அதே ஆட்களை ஒன்பது வருடங்கள் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். அந்தப் பெண்களுக்குப் புள்ளிகள் கூடியிருந்தன. ஆனால் நினைவாற்றலிலும் சிந்தனைத் திறனிலும் அவர்கள் பின்தங்கியிருக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, அந்தப் பதினொரு நாட்களில் யாராவது இந்த ஒரு விடயத்தைச் சொல்லியிருந்தால் போதும், நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒற்றைத் தலையிடிக்காரருக்கு இந்தப் புள்ளிகள் எந்த வழியாக வருகின்றன என்பது இன்னும் முழுமையாக முடிவாகவில்லை. எனவே இளவயதுத் தலையிடிக்காரரின் ரிப்போட்டில் 'சிறு குருதிக்குழாய் மாற்றம்' என்ற சொல் வந்தாலும், குழாய் பழுதாகிவிட்டது என்று அது நிரூபிப்பதில்லை. அது வழமையாக எழுதப்படும் ஓர் ஊகம்.

கிளினிக்கில் வைத்தியர் ரிப்போட்டை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தையே திரையில் போட்டுப் பார்த்தார். "டீச்சர், இந்தப் புள்ளியால உங்களுக்குத் தலையிடிக்கல்ல. தலையிடிக்காக எடுத்த படத்தில அகப்பட்ட வேற ஒரு விசயம் இது" என்றார். மூளை இழையத்துக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. வலிப்பது மூளையைச் சுற்றியுள்ள உறையும், அதன் குருதிக்குழாய்களும், வெளியிலுள்ள தசைகளும்தான். வெண்சடப்பொருளின் உள்ளே இருக்கும் புள்ளி வலிக்காது. 'புள்ளி இருப்பதால்தான் தலையிடி, புள்ளி போனால் தலையிடி போகும்' என்று நினைத்து மருந்து தேடுவதில் பயனில்லை. வந்த புள்ளிகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

பிறகு அவர் மூன்று விடயங்களைப் பார்த்தார். முதலாவது, அளவு. இதற்கு ஃபசேகாஸ் என்ற ஆஸ்திரிய நிபுணர் 1987 இல் வெளியிட்ட அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். பூச்சியத்திலிருந்து மூன்று வரை எண் கொடுப்பார்கள். பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை. ஒன்று என்றால் தனித்தனியான சிறு புள்ளிகள். இரண்டு என்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிட்டன. மூன்று என்றால் ஒன்றுசேர்ந்து பெரிய திட்டாகிவிட்டன. எனக்கு ஒன்று. மூன்று என்று வருபவரின் நிலை வேறு. குறிப்பாக முதியவருக்கு அது நடை தள்ளாடல், நினைவு மங்கல், பாரிசவாதம் ஆகியவற்றின் ஆபத்துக் கூடுவதைக் காட்டும் அடையாளம். அதை 'வயசுதானே' என்று விட்டுவிடக் கூடாது. ரிப்போட்டில் எண் போடப்படாவிட்டால், கிளினிக்கில் கேட்கலாம்: சில புள்ளிகளா, ஒட்டிய திட்டுகளா?

இரண்டாவது, புள்ளி இருக்கும் இடமும் அதன் வடிவமும். 'மல்டிப்பிள் ஸ்க்லரோசிஸ்' என்ற நோயிலும் வெண்சடப்பொருளில் புள்ளிகள் வரும். இணையத்தில் தேடும் எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். அந்த நோயின் புள்ளிகள் மூளை அறைகளின் ஓரத்தைத் தொட்டபடி, அதற்குச் செங்குத்தாக முட்டை வடிவில் நிற்கும். இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்திலும், சிறுமூளைப் பக்கத்திலும், முண்ணாணிலும் காணப்படும். அதோடு உடலிலும் அடையாளம் இருக்கும். ஒரு கண்ணில் நோவோடு பார்வை மங்கி நாட்கணக்கில் நிற்பது, கையோ காலோ ஒரு நாளைக்கு மேல் விறைத்துப் போவது போன்றவை. எனக்கு இருந்தவை ஆழத்தில் அங்கொன்று இங்கொன்றாக உருண்டையாக இருந்த புள்ளிகள். உடலில் அப்படி எதுவும் நடந்ததில்லை. ஒற்றைத் தலையிடிக்காரரின் புள்ளிகளைப் பார்த்து அந்த நோய் என்று தவறாகப் பெயர் சூட்டுவது உலகெங்கும் நடக்கிற ஒரு பிழை. நோய்ப் பெயர் படத்தை மட்டும் வைத்து வந்திருந்தால், இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை.

மூன்றாவதை அவர் படத்தில் தேடவில்லை. என் கையில் பட்டியைக் கட்டினார். 152க்கு 96.

"கிளினிக்குக்கு வந்த பயமாயிருக்கும் டொக்டர்" என்றேன். "இருக்கலாம். வீட்டில பார்த்துக்கொண்டு வாங்க" என்றார். அவர் சொன்ன முறையை அப்படியே தருகிறேன், ஏனென்றால் வீட்டில் மெசின் வைத்திருக்கும் பலர் பிழையாகத்தான் அளக்கிறார்கள். தேநீர் குடித்து அரை மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். சாய்மானமுள்ள கதிரையில், இரண்டு பாதமும் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை மேசையில், பட்டி நெஞ்சின் உயரத்தில். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில். ஏழு நாட்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்ற ஆறு நாட்களின் சராசரியை எடுக்க வேண்டும். வீட்டு அளவீட்டில் அந்தச் சராசரி 135க்கு 85 ஐத் தாண்டினால் அது கூடிய அமுக்கம். என்னுடையது 146க்கு 92. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ தெரியாது. பிரஷர் கூடினால் தலை இடிக்கும், இடிக்காவிட்டால் பிரஷர் இல்லை என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. சாதாரணமாகக் கூடியிருக்கும் அமுக்கம் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. அந்தப் பயனற்ற பயத்துக்குள் எனக்குக் கிடைத்த பயனுள்ள செய்தி இந்த எண்தான்.

அமுக்கத்தைக் குறைத்தால் பழைய புள்ளி அழியாது, புதியது சேரும் வேகம் குறையும். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2019 இல் வெளியானது. மேல் எண்ணை 120க்குக் கீழ் வைத்தவர்களையும் 140க்குக் கீழ் வைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய நான்கு வருடங்களில், முதல் குழுவுக்குப் புள்ளிகளின் மொத்தக் கனவளவு சுமார் 0.9 கன சென்ரிமீற்றர் கூடியது, மற்றக் குழுவுக்கு சுமார் 1.5. வித்தியாசம் சிறியது, ஆனாலும் உண்மையானது. 120 என்ற இலக்கு எல்லோருக்கும் பொருந்தாது. எழுந்தால் தலைசுற்றும் முதியவருக்கு அது ஆபத்தாகலாம். யாருக்கு எது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

எனக்கு அவர் கன்டசார்டன் என்ற மாத்திரையைத் தொடங்கினார். அது அமுக்கத்தைக் குறைக்கும், ஒற்றைத் தலையிடி அடிக்கடி வருவதையும் குறைக்கும். ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பம் தரிக்க இருப்பவர்களுக்கும் அது கூடாது, சிறுநீரகத்தையும் பொற்றாசியத்தையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். ஆகவே என் பெயரைச் சொல்லிப் பாமசியில் வாங்கிவிடாதீர்கள். தலையிடிக்கு முன் கண்ணில் வளைந்து நெளியும் கோடுகள் மின்னுகிற பெண்கள் இன்னொன்றையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்: ஈஸ்ட்ரஜன் கலந்த குடும்பத்திட்ட மாத்திரை பாவிக்கிறீர்களா என்பதை. அந்த இரண்டும் சேர்ந்தால் பாரிசவாத ஆபத்துக் கூடும் என்பதால் வேறு முறைக்கு மாற்றுவார்கள்.

அஸ்பிரின் போட்டதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நிறுத்தச் சொன்னார். பாரிசவாதமோ மாரடைப்போ வந்தவருக்கு அஸ்பிரின் தேவை. படத்தில் புள்ளி மட்டும் இருப்பவருக்கு அதனால் நன்மை இருப்பதாகக் காட்டப்படவில்லை, இரத்தக்கசிவு ஆபத்து மட்டும் மிஞ்சும். ஐரோப்பியப் பாரிசவாத அமைப்பின் 2021 வழிகாட்டியும் இப்படிப்பட்டவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

அப்படியென்றால் தலையிடி ஏன் அடிக்கடி வரத் தொடங்கியது? அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "மாதத்தில் எத்தனை நாள் பனடோல் போடுறீங்க?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவர்க் கலண்டரில் புள்ளடி போட்டு ஒரு மாதம் எண்ணினேன். 19 நாட்கள். தலையிடி உள்ளவர் சாதாரண பனடோலை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். கொடீன் கலந்தது, எர்கொட்டமின், டிரிப்டான் வகைகள் என்றால் 10 நாளே போதும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே இங்கே கணக்கு. நிறுத்திய முதல் பத்து நாட்கள் மிகக் கொடுமையாக இருந்தன. மூன்றாம் தவணைப் பரீட்சை நேரம் வேறு. மூன்றாவது மாதத்தில் கலண்டரில் புள்ளடி ஆறாகக் குறைந்தது. நோன்பு காலத்தில் முதல் இரண்டு மூன்று நாட்களும் வழமை போலத் தலையிடித்தது. அது பெரும்பாலும் திடீரென நின்றுபோன தேநீரின் வேலை. இப்போது ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே கோப்பையைக் குறைத்து வருகிறேன். பிரஷர் மாத்திரையைச் சஹருக்கா நோன்பு திறந்த பிறகா போடுவது என்பதை ஷஃபானிலேயே கேட்டுக்கொண்டேன்.

புள்ளிக்குப் பயப்பட வேண்டாம் என்று சொன்னதை, தலையிடிக்கே பயப்பட வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் இடி விழுந்தது போன்ற தலையிடி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் பலமிழத்தல் ஆகியவற்றோடு வருவது என்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், பழைய ரிப்போட் என்ன சொல்லியிருந்தாலும். ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கும் தலையிடியும், குறிப்பாக நெற்றிப்பொட்டு தொட்டால் நோவதும் மெல்லும்போது தாடை வலிப்பதும் சேர்ந்தால், தாமதிக்கக் கூடாது. அது நாடியில் ஏற்படும் அழற்சியாக இருக்கலாம், கண்பார்வையைப் பறித்துவிடக் கூடியது. சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே அதற்கான முதல் தடயம் தெரியும்.

கடைசியாகப் போன கிளினிக்கில், ஆறு மாதத்தில் இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா என்று கேட்டேன். காசு சேர்த்து வைத்திருந்தேன். "எதுக்கு? புதுசா உடம்பில ஏதும் நடந்தா பார்ப்பம். நீங்க பிரஷர் கொப்பியக் கொண்டு வந்தீங்களா?" என்று கையை நீட்டினார். அந்த வாரச் சராசரி 128க்கு 80.